‘கடின உழைப்பாளி’ இருந்த இடத்தில் ஒரு செக் புத்தகம்

கொழும்பில் ஞாயிறு பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தை விரித்தாலும் சரி, இணையத்தில் தேடினாலும் சரி, கணக்கு உதவியாளர் வேலைக்கான விளம்பரம் ஏறத்தாழ ஒரே அச்சில்தான் வருகிறது. ஏ.எல். வணிகப் பிரிவு, ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் படிப்புப் படித்திருந்தால் நல்லது, இரண்டு வருட அனுபவம். கடைசி வரியில் ‘ஹார்ட்வேர்க்கிங் டீம் பிளேயர்’ ஆக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவர் அந்தக் கடைசி வரியை அப்படியே தூக்கித் தன் சுயவிபரக் கோவையின் முதல் வரியில் வைத்துவிடுகிறார். கேட்டதைத்தானே கொடுக்கிறோம் என்பது அவருடைய நியாயம்.

நியாயம் சரிதான், பலன்தான் இல்லை. ‘கடினமாக உழைப்பவர்’ என்பது ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்ல வேண்டிய முடிவு. கல்யாணத் தரகர் ‘பொடியன் தங்கமான பொடியன்’ என்று சொல்வதைக் கேட்டு யாரும் பெண் கொடுப்பதில்லை. எங்கே வேலை, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான், தங்கச்சியின் படிப்புச் செலவை யார் பார்க்கிறார்கள் என்றுதான் விசாரிப்பார்கள். கோவையை வாசிக்கிற கணக்காளரும் அதே விசாரணையைத்தான் செய்கிறார். அவர் முன்னால் குவிந்துள்ள கோவைகளில் எல்லோரும் தங்கமான பொடியன்கள். யாரைக் கூப்பிடுவது என்று முடிவெடுக்க அவருக்குக் கண்ணால் காணக்கூடிய ஏதாவது ஒன்று தேவை.

ஒரு ஆளை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். ஆள் கற்பனைதான், வேலை கற்பனையல்ல. புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடை. அங்கே மூன்று வருடமாகக் கணக்கு எழுதும் ஒரு பிள்ளை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு கம்பனிக்குக் கணக்கு உதவியாளராக விண்ணப்பிக்கிறாள். அவள் கோவையின் முதல் பந்தி இப்படி இருக்கிறது:

> கடினமாக உழைக்கும், நேர்மையான, குழுவுடன் இணைந்து செயற்படக்கூடிய, அழுத்தத்தின் கீழ் பணியாற்றும் ஆற்றல் கொண்ட ஊழியர். கணக்குப் பதிவு, காசோலைகள் ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருந்தேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதே பந்தியை ஒரு பாதுகாப்பு உத்தியோகத்தரின் கோவையில் ஒட்டினாலும், கடைசி வாக்கியத்தைத் தவிர, பொருந்திவிடும். வெற்றுச் சொல்லைக் கண்டுபிடிக்க நான் நம்பும் சோதனை அது ஒன்றுதான்: வேறொரு தொழில் செய்கிறவரின் கோவைக்கு அந்த வரியை மாற்றிப் பார்க்க வேண்டும். உறுத்தாமல் உட்கார்ந்தால் அந்த வரி வேலை செய்யவில்லை.

இனி அவளிடம் கேட்க வேண்டும். ‘உன் திறமைகள் என்ன’ என்று கேட்டால் அதே பழைய சொற்கள்தான் திரும்பி வரும். கையில் என்ன தாள் இருந்தது என்று கேட்க வேண்டும். கொழும்பில் பெரும்பாலான கோவைகள் ஆங்கிலத்தில்தான் போகின்றன. ஆனாலும் இந்தக் கேள்விகளை வீட்டில் பேசுகிற தமிழில் கேட்பது நல்லது. ஆங்கிலத்தில் யோசிக்கத் தொடங்கினால் ‘றெஸ்பொன்சிபிள் ஃபோர்’ என்று கை தானாக எழுதிவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேலை முழுவதும் ஒளிந்துகொள்ளும். பொறுப்பாக இருந்தவர் அந்த வேலையைச் செய்தாரா, செய்வித்தாரா, பார்த்துக்கொண்டிருந்தாரா என்பது தெரியாது.

பெரியம்மாவின் மகள் ஒருத்தி பக்கத்தில் இருந்து கேட்கிறாள் என்று வையுங்கள்:

“கடைக்குப் போனதும் முதல் என்ன செய்வாய்?”

“செக் புத்தகத்தை எடுப்பன் அக்கா. இண்டைக்குத் திகதி வந்த செக் எல்லாத்தையும் பாங்குக்கு எழுதுவன்.”

“எத்தனை இருக்கும்?”

“நிறைய.”

“நேற்று எத்தனை?”

“நேற்று... பதினாறு.”

‘நிறைய’ என்பதற்கும் ‘பதினாறு’ என்பதற்கும் நடுவில் ஒரு கேள்விதான் இருந்தது. எண்ணிக்கை தெரியாது என்று சொல்பவர்களில் அநேகருக்கு நேற்றைய எண்ணிக்கை தெரியும். பொதுவாகக் கேட்டால் ஞாபகம் வராது. ஒரு நாளைப் பிடித்துக் கேட்டால் வரும்.

ஆனால் ஒரு நாளை வைத்து எழுதக் கூடாது. வங்கிக்கு எழுதும் வைப்புச் சீட்டின் அடிக்கட்டைகள் கடையில் இருக்கும். சாதாரணமான ஒரு மாதத்தை எடுத்து, அந்த மாதத்து அடிக்கட்டைகளை எண்ணி, வேலை நாட்களால் பிரித்தால் போதும். துணி வியாபாரத்தில் சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் காலங்களைச் சாதாரண மாதம் என்று எடுக்க முடியாது. அந்தக் கணக்கு ஊதிக் காட்டும். அவளுக்கு ஒரு மாதத்தில் 396 செக்குகள், 22 வேலை நாட்கள் என்று வருகிறது என்றால் நாளுக்கு 18. கோவையில் ‘நாளொன்றுக்கு 15 முதல் 20 வரை’ என்று எழுதலாம். சிலர் இதையே பன்னிரண்டால் பெருக்கி ‘வருடத்துக்கு 4,700 காசோலைகள்’ என்று எழுதுவார்கள். எண் பெரிதாகத் தெரியும், படம் போய்விடும். மேசை மேல் கிடக்கும் 18 செக்குகளை எந்தக் கணக்காளரும் மனத்தில் பார்ப்பார். 4,700 செக்குகளை அப்படிப் பார்க்க முடியாது.

அடுத்தது, அந்தச் செக்குகளை வைத்து அவள் என்ன செய்தாள் என்பது. வெளியூர்க் கடைக்காரர்கள் துணி எடுத்தால் 30, 45, 60 நாள் தள்ளித் திகதி போட்ட செக் கொடுப்பது மொத்த வியாபாரத்தில் வழக்கம். இன்று வாங்கிய செக் இரண்டு மாதம் கழித்துத்தான் வங்கிக்குப் போகும். அதற்குள் அது பெட்டியில் தொலையக் கூடாது. திகதிக்கு முன் போகவும் கூடாது. முன்னதாகப் போட்டால் வங்கி திருப்பிவிடும், கடைக்காரருக்கும் கோபம் வரும். திகதி ஞாயிற்றுக்கிழமையிலோ போயா தினத்திலோ விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும். அதனால் அவள் ஒரு பதிவு வைத்திருக்கிறாள், கடையில் ‘செக் புத்தகம்’ என்பது இதைத்தான்: பெற்ற திகதி, கடை, வங்கி, செக் இலக்கம், செக்கின் திகதி, தொகை, வைப்பிட்ட திகதி, நிலை. எக்செல் தாளில் செக்கின் திகதிப்படி அடுக்கி, நாளைக்குப் போட வேண்டியதை முதல்நாள் மாலையே பிரித்து எடுத்துவிடுவாள். `SUMIFS` போட்டு, வரும் கிழமை எந்த நாளில் எவ்வளவு பணமாகும் என்று முதலாளிக்கு ஒரு சிறு தாளில் கொடுப்பாள். ‘எக்செல் அறிவு: மிகவும் நன்று’ என்று கோவையின் அடியில் ஒரு வரி இருந்ததே, அதை இப்போது எடுத்துவிடலாம். அந்தச் சிறு தாளே அதற்குச் சாட்சி.

இனி, ஏதாவது பிழை போனதா என்று கேட்க வேண்டும். கோவையில் சேர்க்கத் தகுந்த மிக நல்ல பொருள் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்; ஆனால் அவமானம் என்று நினைத்து இதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். அவளைக் கேட்டால், செக் திரும்பி வருவதுதான் பெரிய தலையிடி என்கிறாள். ஏன் திரும்பின? சிலது காசு இல்லாமல். சிலது தொகையை எழுத்தில் ஒன்றும் இலக்கத்தில் ஒன்றுமாக எழுதியதால். சிலதில் கையொப்பம் இல்லை, சிலதில் வருடம் பிழை. காசு இல்லாததை விட்டால், இப்படி எழுதியதில் பிழையானவை மாதத்துக்கு ஆறு ஏழு வந்துகொண்டிருந்தன. விற்பனைப் பிரதிநிதி வெளியூரில் செக்கை வாங்கிப் பையில் போட்டுவிடுவார். பிழை தெரிவது இரண்டு மாதம் கழித்து வங்கி திருப்பும்போதுதான். அவள் அதை முன்னுக்குக் கொண்டுவந்தாள். செக் கைக்கு வந்த அன்றே திகதி, பெயர், எழுத்தில் தொகை, இலக்கத்தில் தொகை, கையொப்பம் ஆகிய ஐந்தையும் பார்த்து, பிழையானதைப் பதிவில் ஏற்றாமலேயே பிரதிநிதியிடம் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த தடவை அந்த ஊருக்குப் போகும்போது மாற்றி வருவார். இப்போது அந்த வகையில் மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

இந்த இடத்தில்தான் கை நீளும். ‘திரும்பும் காசோலைகளை 85 சதவீதம் குறைத்தேன்’ என்று எழுத ஆசை வரும். இதில் இரண்டு பிழை இருக்கிறது. காசில்லாமல் திரும்பும் செக்கை அவளால் குறைக்க முடியாது. அது கடைக்காரனின் பெட்டியில் உள்ள விசயம். அவள் கை பட்ட பங்கு, எழுத்துப் பிழையால் திரும்பியவை மட்டும். அனுபவமுள்ள கணக்காளர் இந்த வரியைக் கண்டவுடன் ‘காசில்லாததை எப்படிக் குறைத்தீர்கள்?’ என்று கேட்பார், அதற்குப் பதில் இருக்காது. மற்றப் பிழை சதவீதத்தில் இருக்கிறது. ஏழு ஒன்றாவதும் 85 சதவீதம், எழுநூறு நூறாவதும் 85 சதவீதம். சதவீதத்தைப் பார்த்ததும் அடியில் என்ன எண் இருக்கிறது என்று வாசிப்பவர் சந்தேகப்படுவார்; எண்ணைச் சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கு வேலை இல்லை. சிறிய எண்ணுக்கு வெட்கப்படத் தேவையில்லை. மாதத்துக்கு ஏழு செக் திரும்பினால் அதன் பின்னால் ஏழு தொலைபேசி அழைப்பு, ஏழு வங்கிக் கட்டணம், ஏழு மனத்தாங்கல் இருக்கிறது என்பது அந்தத் துறையில் இருப்பவருக்குத் தெரியும்.

‘டீம் பிளேயர்’ கொஞ்சம் சிக்கலானது. ஒருவர் மற்றவர்களோடு நன்றாகப் பழகுவார் என்பதை எண்ணால் காட்ட முடியாது. ஆனால் எந்த அலுவலகத்திலும் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் தாள் மாறுகிற இடம் ஒன்று இருக்கும். சண்டை வருவதும் அங்கேதான், இணைந்து வேலை செய்கிறோமா என்பது தெரிவதும் அங்கேதான். அவளுடைய கடையில் அது சனிக்கிழமை மத்தியானம். நான்கு விற்பனைப் பிரதிநிதிகள் வெளியூர் சுற்றி முடித்துத் திரும்பும் நேரம். ஒவ்வொருவரிடமும் பற்றுச்சீட்டுப் புத்தகம், செக்குகள், கொஞ்சம் காசு. முன்பு மூன்றையும் ஒரு உறையில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வித்தியாசம் இருந்தால் மாத முடிவில், கடைக்காரர் ‘நான் கட்டிய காசு கணக்கில் இல்லையே’ என்று கூப்பிடும்போதுதான் வெளியே வரும். அதற்குள் யார் எப்போது வாங்கியது என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. இப்போது அவள் ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து, பற்றுச்சீட்டின் காபன் பிரதியையும் செக்கையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இருவரும் ஒப்பம் வைத்த பிறகுதான் அவர்கள் போகிறார்கள்.

இதை எழுதும்போது ‘நாங்கள்’ என்றும் ‘நான்’ என்றும் குழம்புவார்கள். குழுவைக் காட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் ‘நாங்கள்’ ஆக்கினால் அவள் செய்தது எது என்று தெரியாது. மற்றவர்களைப் பதவி சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, வினையைத் தன் பெயரில் வைத்தால் இரண்டும் தெளிவாகிவிடும்.

‘நேர்மையானவர்’ என்ற சொல்லுக்கு நான் பரிந்துரைப்பது, அதை முற்றாக எடுத்துவிட்டு யார் எதை நம்பி ஒப்படைத்தார்கள் என்று எழுதுவது. அவளிடம் 20,000 ரூபா சில்லறைக் காசு இருக்கிறது. தேநீர், முச்சக்கரவண்டிக் கூலி, மூட்டை தூக்கும் நாட்டாமைக் கூலி எல்லாம் அதிலிருந்துதான். ஒவ்வொரு மாலையும் மீதிக் காசையும் பற்றுச்சீட்டுகளையும் கூட்டினால் 20,000 வர வேண்டும். வருகிறதா என்று களஞ்சியப் பொறுப்பாளர் எண்ணி ஒப்பமிடுவார். தன் கையில் உள்ள காசை இன்னொருவர் எண்ண ஏற்பாடு செய்திருக்கிறாள் என்ற தகவல், நேர்மை என்ற சொல்லை விடக் கனமானது.

‘அழுத்தத்தின் கீழ்’ என்பது இந்த வேலையில் திகதிகளைத்தான் குறிக்கும். 23 ஊழியர்களின் சம்பளத்திலிருந்து சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்து, முதலாளியின் 12 வீதத்தைச் சேர்த்து, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனியாக, அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம். மூன்று வருடத்தில் ஒரு மாதமும் பிந்தவில்லை என்பது அவளிடம் இருக்கிற சிறந்த வரிகளில் ஒன்று. அவளுக்கோ அது சொல்லத் தகுந்த விசயமாகவே தோன்றவில்லை. ஒழுங்காக நடந்த வேலை கண்ணுக்குத் தெரியாது, அதுதான் காரணம்.

எல்லாவற்றையும் சேர்த்தால் கோவையில் இது வரும்:

> துணி மொத்த விற்பனைக் கடை, புறக்கோட்டை. கணக்கு எழுதுநர், 3 வருடம்.
>
> நாளொன்றுக்கு 15 முதல் 20 வரையான பின்திகதியிட்ட காசோலைகளைப் பதிந்து, உரிய நாளில் 2 வங்கிக் கணக்குகளில் வைப்பிடுகிறேன். வரும் கிழமையில் பணமாகும் தொகையை ஒவ்வொரு சனியும் உரிமையாளருக்குத் தாளில் கொடுக்கிறேன்.
>
> காசோலை கிடைக்கும் அன்றே ஐந்து இடங்களைச் சரிபார்க்கும் முறையைத் தொடங்கினேன். எழுத்துப் பிழையால் திரும்பியவை மாதத்துக்கு 6, 7 இலிருந்து 1 ஆகின.
>
> 4 விற்பனைப் பிரதிநிதிகளின் பற்றுச்சீட்டுகளை அவர்கள் திரும்பும் நாளிலேயே அவர்களுடன் அமர்ந்து ஒப்பிட்டு, வித்தியாசங்களை அன்றே தீர்க்கிறேன்.
>
> 20,000 ரூபா சில்லறைக் காசைக் கையாள்கிறேன். தினமும் களஞ்சியப் பொறுப்பாளர் எண்ணி ஒப்பமிடுவார். 23 ஊழியர்களின் சேமலாப, நம்பிக்கை நிதிக் கொடுப்பனவுகள் 3 வருடத்தில் ஒரு மாதமும் பிந்தவில்லை.

பழைய பந்தியை விட நீளம்தான். ஆனால் பழைய கோவை மூன்று பக்கம். தேசிய அடையாள அட்டை இலக்கம், சமயம், பொழுதுபோக்கு, ஆறாம் வகுப்பில் வென்ற பேச்சுப்போட்டி எல்லாம் அதில் இருந்தன. அவற்றைக் குறைத்தால் இதற்கு இடம் வரும். இதற்கு மேல் வரிகளைக் கூட்டவும் வேண்டாம். பத்து எண்களை ஒரே மூச்சில் வாசித்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. வேலைக்கு வேலை வரிகளின் வரிசையை மாற்றலாம்: வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை என்றால் பிரதிநிதிகள் விசயம் முன்னால் வரட்டும், வரி, சம்பளம் பார்க்கிற வேலை என்றால் கடைசி வரி முன்னால் வரட்டும்.

இதில் என்ன இல்லை என்பதையும் பாருங்கள். கடையின் மாத விற்பனை இல்லை, எந்தக் கடைக்காரரின் பெயரும் இல்லை, யாருடைய செக் காசில்லாமல் திரும்பியது என்பதும் இல்லை. புறக்கோட்டையில் அது முதலாளியின் ரகசியம். தன்னிடம் வேலை செய்யும்போது தன் கணக்கையும் இப்படித்தான் வெளியில் சொல்வாள் என்று புதிய முதலாளி நினைத்துவிட்டால், மேலே உள்ள நேர்மை வரி ஒரு நொடியில் விழுந்துவிடும். செக்கின் எண்ணிக்கையைச் சொல்லலாம், தொகையைச் சொல்லக் கூடாது. எல்லை அவ்வளவுதான்.

வேலை அனுபவமே இல்லாத ஏ.எல். முடித்த பிள்ளைகளுக்கும் வழி இதுதான், தாள் மட்டும் வேறு. ஆடிவேலுக்குத் தண்ணீர்ப் பந்தலில் நின்றவர் ‘சமூக சேவையில் ஆர்வமுள்ளவர்’ என்று எழுதாமல், எத்தனை பேர் ஒரு முறைக்கு நின்றார்கள், கிளாஸ் கழுவுவது, நிரப்புவது, நீட்டுவது ஆகியவற்றில் தான் எதைச் செய்தார், தண்ணீர் தீர்ந்தபோது யார் போய் எடுத்து வந்தது என்று எழுதலாம். எண்ணிக்கை இல்லாத வேலைக்கு வரிசை போதும். முதலில் என்ன, பிறகு என்ன, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எழுதினாலே படம் வந்துவிடும்.

எழுதி முடித்த ஒவ்வொரு வரிக்கும் நேர்முகத்தில் வரக்கூடிய அடுத்த கேள்வியைத் தானே கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பதிவில் எத்தனை நிரல்கள்? பிரதிநிதி ஒப்பமிட மறுத்தால் என்ன செய்தீர்கள்? ஒரு மாதம் ஒன்று திரும்பியதே, அது எப்படித் தப்பியது? பதில் தடையில்லாமல் வந்தால் வரி இருக்கட்டும். தயங்கினால் எண்ணை இறக்குங்கள், அல்லது வரியை எடுத்துவிடுங்கள். நம் ஊர்க் கோவைகளின் அடியில் ‘மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையெனச் சான்றுபடுத்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ‘கடின உழைப்பாளி’க்குக் கீழே போடும்போது அந்தக் கையெழுத்துக்கு ஒரு பாரமும் இல்லை. ‘ஒரு மாதமும் பிந்தவில்லை’ என்பதற்குக் கீழே போடும்போது இருக்கிறது.

அதற்கும் கீழே, உறவினரல்லாத இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். கடை முதலாளி அதில் ஒருவர் என்றால், கோவையை அனுப்ப முன்னமே அவரிடம் இந்த நான்கைந்து வரிகளை வாசித்துக் காட்ட வேண்டும். எண்களில் ஏதும் பிழை என்றால் அவர் அங்கேயே திருத்திவிடுவார். இல்லாவிட்டால், கம்பனியிலிருந்து அழைப்பு வரும்போது அவர் மத்தியானச் சத்தத்துக்குள், மூட்டைகளுக்கு நடுவில் நின்று தொலைபேசியை எடுப்பார். ‘அந்தப் பிள்ளை எப்படி?’ என்று கேட்டால் ‘நல்ல பிள்ளை, நல்ல உழைப்பாளி’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வரிகளை முன்பே கேட்டிருந்தால், அழைப்பவரும் கோவையைக் கையில் வைத்துக்கொண்டு ‘திரும்பின செக் உண்மையிலேயே குறைந்ததா?’ என்று கேட்டால், “ஓம், எழுத்துப் பிழையில வாறது நிண்டுட்டுது. செக் புத்தகம் அவதான் பாக்கிறா. அவ போனா எனக்குத்தான் கஷ்டம்” என்பார்.